மடத்தில் ஒரு வருடம்: ஒரு மகன் அம்மாவுக்கு இரண்டு முறை எழுதிய கடிதம்

இது ஒரு மகன் தன் அம்மாவுக்கு எழுதிய இரண்டு கடிதங்களைப் பற்றிய ஆய்வு. இரண்டிலும் விஷயம் ஒன்றுதான்: ஒரு வருடம் துறவிகள் மடத்தில் போய் இருக்க ஆசைப்படுகிறேன், உன் சம்மதம் வேண்டும். முதல் கடிதத்தைப் படித்த அம்மா இரண்டு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாவதைப் படித்துவிட்டு உட்கார்ந்து பதில் எழுதினார். பதில் முழுக்கக் கேள்விகள்தான், ஆனாலும் பதில் எழுதினார். இடையில் என்ன மாறியது என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தேரவாத பௌத்த வனமடம் ஒன்றில் சில வருடங்கள் தொண்டராக இருந்தவன், துறவி இல்லை. தங்க விரும்பி எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவதும், வந்தவர்களுக்கு இடம் காட்டுவதும் என் வேலை. அந்த வழியில்தான் இந்த இளைஞரைத் தெரியும். கடிதங்களை அவரே காட்டினார், அம்மா பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். இருவரும் சரி என்ற பிறகு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டேன், கடிதங்களையும் சுருக்கியிருக்கிறேன்.

என்ன கேட்டார்

அவருக்கு அப்போது 27 வயது. நல்ல வேலை. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே அக்கா, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறார். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற ஆள். மகனின் கல்விக் கடனில் இன்னும் 11 தவணை பாக்கி. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அவர் போக நினைத்த மடம் தாய்லாந்துத் துறவி அஜான் சாவின் வழியில் வந்தது. வெளிநாட்டுச் சீடர்கள் ஆங்கிலத்திலேயே பயிற்சி பெறட்டும் என்று அஜான் சா 1975-இல் வாட் பா நானாசாட் என்ற வனமடத்தை ஏற்படுத்தினார். பிறகு அவருடைய சீடர்கள் இங்கிலாந்தில் 1979-இல் சித்தவிவேகாவையும் 1984-இல் அமராவதியையும் தொடங்க, இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. இந்த மேற்கத்தியக் கிளைகளில் புதிதாக வருகிறவர் நேராகக் காவி கட்டிவிட முடியாது. முதலில் விருந்தினராகச் சில நாள், அப்புறம் கொஞ்சம் நீண்ட தங்கல், அதன்பின் மடமும் அவரும் ஒத்துப்போனால் தலையை மழித்து வெள்ளை உடுத்தி அனகாரிகர் ஆகலாம். அதற்குத்தான் ஒரு வருடம். அது முடிந்த பின்னும் விருப்பம் இருந்தால் சாமணேரர் என்கிற இளந்துறவியாக ஏறக்குறைய இன்னொரு வருடம், அதற்கும் பிறகுதான் பிக்கு என்கிற முழுத் துறவி. நம் இளைஞர் கேட்டது அந்த வெள்ளை உடை வருடத்தை மட்டும்.

அனகாரிகர் காக்க வேண்டியவை எட்டு சீலங்கள். கொல்லாமை, திருடாமை, முழுப் பிரம்மச்சரியம், பொய் பேசாமை, போதை தவிர்த்தல், நண்பகலுக்குப் பின் சாப்பிடாமை, கேளிக்கையும் அலங்காரமும் தவிர்த்தல், சொகுசுப் படுக்கை தவிர்த்தல். பிக்குவுக்கு இருக்கிற வேறு பல தடைகள் இவருக்குக் கிடையாது. பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது, செடியை வெட்டக் கூடாது, பணத்தைத் தொடக் கூடாது. அனகாரிகர் இதையெல்லாம் செய்யலாம் என்பதால் நடைமுறையில் மடத்தின் சமையலறை, தோட்டம், வண்டி ஓட்டுவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் வருடம் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே பாத்திரக் குவியலுக்கு முன்னால் நின்று விழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் கடிதம்

நான்கு பக்கம். நல்ல தமிழ், உண்மையான உணர்ச்சி, ஒரு வரியில்கூடப் பொய் கிடையாது. முக்கியமான இடங்கள் இவை:

"அம்மா, இந்த வாழ்க்கையில் எனக்கு எதுவும் ஒட்டவில்லை. வேலை, சம்பளம், அடுத்த வேலை, இப்படியே ஓடி ஓடி எங்கே போய்ச் சேரப் போகிறோம்? எல்லோரும் எதையோ பிடித்துக்கொண்டு துன்பப்படுகிறோம். பற்றுதான் துன்பத்துக்குக் காரணம் என்று இப்போது எனக்குப் புரிகிறது. நீ என் மேல் வைத்திருக்கும் பற்றும் அதில் சேர்த்திதான், தப்பாக நினைக்காதே. எனக்கு அமைதி வேண்டும். ஒரே ஒரு வருடம்தான், நிச்சயம் திரும்பி வந்துவிடுவேன். அக்கா உன்னைப் பார்த்துக்கொள்வாள்."

அம்மா இதை எப்படிப் படித்தார் என்று அவர் வாயாலேயே பிறகு கேட்டேன். "எதுவும் ஒட்டவில்லைன்னா நான் வளர்த்ததும்தான் ஒட்டலை. என் பாசம் அவன் துன்பத்துக்குக் காரணமாம். அமைதி வேணும்னா இப்போ வீட்டுல சண்டையா நடக்குது?" என்றார். அதற்கு மேல் அவருக்கு இருந்த பயம் வேறு. மகன் மனசு உடைந்து போயிருக்கிறானோ, வெளியே சொல்ல முடியாத ஏதோ நடந்துவிட்டதோ, இது போகிறவன் எழுதும் கடிதமோ என்று மூன்று இரவு தூங்கவில்லை.

கடிதத்தில் இருந்த கோளாறு இங்கேதான் தெரிகிறது. நான்கு பக்கத்தில் மடத்தில் தான் என்ன செய்யப்போகிறேன் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது, எதிலிருந்து விலகுகிறேன் என்பது மட்டும் இருக்கிறது. அம்மாவும் அந்த விலகலுக்குள் இருக்கிறார். இன்னொன்று, "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று எழுதினாரே, அக்காவிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அம்மா அக்காவுக்குப் போன் போட்ட ஒரு நிமிடத்தில் அது வெளியே வந்துவிட்டது, அதன்பின் மற்ற வரிகளையும் அவர் நம்பவில்லை. "நிச்சயம் திரும்பி வந்துவிடுவேன்" என்பதும் அதில் சேர்ந்து போயிற்று.

மடம் கேட்கும் கேள்விகள்

இந்த இடத்தில் வினயம் என்கிற துறவிகளின் ஒழுக்க நூலைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெற்றோர் சம்மதம் என்பதை இந்த மரபு வெறும் மரியாதையாக வைத்திருக்கவில்லை, விதியாகவே வைத்திருக்கிறது. புத்தர் தன் மகன் இராகுலனைச் சாமணேரராக்கச் செய்தபோது, பேரனையும் இழந்த புத்தரின் தகப்பன் சுத்தோதனர் வந்து முறையிட்டதாக அந்த நூலின் மகாவக்கம் என்ற பகுதியில் வருகிறது. பிள்ளை மேல் வைத்த பாசம் தோலை அறுக்கிறது, சதையை அறுக்கிறது, நரம்பை அறுக்கிறது, எலும்பை அறுக்கிறது, மஜ்ஜைக்குள் போய் நிற்கிறது, ஆகவே இனிமேல் தாய் தந்தை சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள் என்கிறார். பற்றே துன்பத்துக்குக் காரணம் என்று போதித்த புத்தர் அந்தத் தகப்பனிடம் அதைச் சொல்லிக் கண்டிக்கவில்லை. அவர் கேட்டபடியே விதியைப் போட்டார். முதல் கடிதம் எழுதிய நம் இளைஞரிடம் இந்தப் பகுதியைத்தான் மடத்தில் ஒரு மூத்த பிக்கு எடுத்துக் காட்டினார், கூடுதலாக எதுவும் சொல்லவில்லை.

இன்றைக்கும் ஒருவர் பிக்குவாகும் உபசம்பதா என்ற சடங்கின்போது சங்கத்தின் நடுவில் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. முதலில் நோய்கள்: தொழுநோய், கட்டி, தோல் நோய், க்ஷயம், வலிப்பு இருக்கிறதா? அப்புறம்: மனிதன்தானா, ஆண்தானா, யாருக்கும் அடிமை இல்லாதவனா, கடன் இல்லாதவனா, அரசன் சேவகத்தில் இல்லாதவனா, தாய் தந்தை அனுமதித்தார்களா, இருபது வயது நிரம்பியதா, பிச்சைப் பாத்திரமும் சீவரம் என்கிற துறவி உடையும் இருக்கிறதா, பெயர் என்ன, உபாத்தியாயர் பெயர் என்ன. அவ்வளவுதான். உனக்கு உலகம் வெறுத்துவிட்டதா, அமைதி தேடுகிறாயா என்று யாரும் கேட்பதில்லை.

அனகாரிகருக்கு இந்தச் சடங்கு கிடையாது, வினயம் அந்த நிலையைக் குறிப்பிடுவதும் இல்லை. ஆனால் வந்தவர் மேலே போக விரும்பினால் இந்தக் கேள்விகள் வரத்தான் போகின்றன என்பதால், உடம்பு, மருந்து, கடன், வீட்டார் சம்மதம் எல்லாவற்றையும் முதலிலேயே விசாரித்துவிடுவது வழக்கம். நம் இளைஞருக்கும் அதே விசாரணை நடந்தது. கடன் என்றதும் தவணையை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அம்மா என்றதும் முதல் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அப்போதுதான் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மடத்தின் கேள்விப் பட்டியலையும் அம்மாவின் கேள்விப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பகுதி ஒன்றாகத்தான் இருக்கிறது: உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறதா, யாருக்கும் பாக்கி வைத்துவிட்டுப் போகிறாயா, யாராவது உன்னைப் பிடித்து வைத்துக்கொள்வார்களா, பொறுப்பு யார். இவற்றுக்குப் பதில் எழுதுங்கள், தத்துவத்தை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

இரண்டாவது கடிதம்

எழுதி முடிக்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. கீழே இருப்பது கிட்டத்தட்ட முழுவதும்.

"அம்மா,

போன கடிதத்தில் உன் பாசத்தைப் பற்றி எழுதியதை எடுத்துவிடு. அது புத்தகத்தில் படித்தது, உன்னைப் பற்றியது இல்லை.

நான் ஏன் போக வேண்டும் என்கிறேன் என்பதை இந்த முறை நேராகச் சொல்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம் ராத்திரி எல்லாம் நான்தான் கூட இருந்தேன், உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான் கேட்கவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேலையை நினைத்துக்கொண்டிருந்தேன், அடுத்து என்ன செய்யணும் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என்ன சொன்னார் என்று நீ அப்போது கேட்டபோது நானாக ஏதோ சொன்னேன். உண்மையில் எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்தில் இருந்தும் இல்லாமல் போனேன்.

அதன் பிறகுதான் தியானம் கற்றுக்கொள்ளப் போனேன். பத்து நாள் மௌனமாக இருந்தால் மனசு நிற்கிறது, உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்து சில வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. உன்னிடம் எரிந்து விழுகிறேன், நீ பேசும்போது தலையை மட்டும் ஆட்டுகிறேன். பத்து நாளில் நான் யாரோடும் பேசுவதில்லை, யாரோடும் சேர்ந்து வேலை செய்வதில்லை, அதனால் அங்கே நல்லவனாக இருப்பது சுலபம். மடத்தில் ஒரு வருடம் என்றால் பிடித்தவர், பிடிக்காதவர் எல்லோரோடும் சேர்ந்து சமைக்கணும், கூட்டணும், சொன்ன நேரத்தில் சொன்ன வேலையைச் செய்யணும், தப்பித்து அறைக்குள் போய்ப் போனை எடுக்க முடியாது. அந்த இடத்தில் என் மனசு என்ன செய்கிறது என்று பார்த்துப் பழக வேண்டும். இதை வீட்டிலேயே செய்யக்கூடாதா என்று நீ கேட்பாய். முயன்று பார்த்தேன், முடியவில்லை. முடிகிறவர்கள் இருப்பார்கள்.

அப்பா போன துக்கத்தில்தான் இப்படிப் பேசுகிறேன் என்று அக்கா சொல்கிறாள். கொஞ்சம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். மனச்சோர்வு இல்லை என்றார், துக்கம் இருக்கிறது என்றார். நீயும் வேண்டுமானால் அவரிடம் பேசலாம், நான் அனுமதி கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உடனே போகவில்லை. கடன் 11 தவணை இருக்கிறது, அது முடியாமல் மடத்திலேயே சேர்க்க மாட்டார்கள். அதனால் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான். அதுவரை இங்கேதான் இருப்பேன், அதற்குள் ஆசை போய்விட்டால் போகட்டும்.

உன்னை யார் பார்ப்பது? அக்காவிடம் கேட்டேன். மாதம் ஒரு தடவை வந்து உன் பரிசோதனைக்குக் கூட வருவேன் என்றாள், அதற்கு மேல் தன்னால் முடியாது என்றும் சொன்னாள். அது நியாயம். வீட்டுச் செலவுக்கு ஒரு வருடத்துக்கான பணம் உன் பேரில் தனியாக இருக்கும், நீ அதைத் தொட என் கையெழுத்து வேண்டாம்.

உனக்கு உடம்பு சரியில்லை என்றால் வருவேன். மழைக்காலத்தில் மூன்று மாதம் பிக்குகள் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும், அப்போதும்கூட அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நோய் என்றால் அழைக்காமலே ஏழு நாள் போய்வர புத்தரே விட்டிருக்கிறார். நான் பிக்குகூட இல்லை, எனக்கு இன்னும் தடை குறைவு. மடத்தின் போன் எண் எழுதியிருக்கிறேன். நேரம் பார்க்காதே. மற்றபடி வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை எல்லோரும் மௌனமாக இருப்பார்கள், அப்போது கடிதம் குறையும், அதை வைத்துப் பயப்படாதே.

திரும்பி வருவேனா என்று கேட்டாய். போன தடவை நிச்சயம் என்றேன். ஒரு வருடம் கழித்து எனக்கு என்ன தோன்றும் என்று இப்போதே சத்தியம் செய்ய முடியாது, அதனால் என்னால் காப்பாற்ற முடிந்ததைச் சொல்கிறேன். வருடம் முடிந்ததும் வெள்ளைத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். மூன்று மாதம் உன்னோடு இருப்பேன். அதற்கு மேலும் போகணும் என்று தோன்றினால் நேரில் உட்கார்ந்து உன்னிடம் கேட்பேன். நீ வேண்டாம் என்றால் அவர்கள் சேர்க்க மாட்டார்கள். அது அவர்கள் சட்டம், நான் அதைச் சுற்றி வேறு மடம் தேட மாட்டேன்.

கல்யாணம் பற்றி இந்த வருடம் யாரிடமும் பேச வேண்டாம். ஒரு பெண்ணைக் காத்திருக்க வைத்துவிட்டுப் போவது சரியில்லை.

நீ வந்து பார்க்க வேண்டும். பெற்றோர் வந்து தங்கலாம். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அப்போது பேசுவோம்."

எது வேலை செய்தது

முதலில் கண்ணில் படுவது அப்பாவைப் பற்றிய பத்தி. அதுதான் அம்மாவை அசைத்தது என்று நானும் நினைத்திருந்தேன். அவரோ வேறு சொன்னார். அந்தப் பத்தி அழ வைத்ததாம், ஆனால் நம்ப வைத்தது அக்காவைப் பற்றிய இரண்டு வரிகள்தானாம். "அதற்கு மேல் முடியாது என்றாள்" என்று எழுதியிருந்ததால், இந்தத் தடவை பையன் நிஜமாகவே கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது என்றார். ஒரு ஏற்பாட்டின் குறையையும் சேர்த்துச் சொல்லும்போது ஏற்பாடு உண்மையானது என்று தெரிகிறது. மழுப்பலான ஏற்பாடுகளில் எல்லாம் சுலபமாக இருக்கும்.

திரும்பி வருவது பற்றிய பத்தியை எழுதத்தான் மகன் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அனகாரிகர் வருடத்துக்குப் போகிறவர்களில் பலர் வீட்டுக்கு "நிச்சயம் வந்துவிடுவேன்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், அப்படிச் சொன்னால்தான் விடுவார்கள் என்பதற்காக. பிறகு ஒன்பதாவது, பத்தாவது மாதத்தில் சாமணேரராகலாமா என்று தோன்றும்போது அந்த வாக்கு தொண்டையில் நிற்கும். சிலர் வீட்டுக்குச் சொல்லாமலே அடுத்த படியை ஏறிவிடப் பார்ப்பார்கள், மடம் சம்மதக் கடிதம் கேட்கும்போது விஷயம் வெடிக்கும். சம்மதம் இல்லாமல் சேர்த்தால் அது சேர்த்தவருக்கு துக்கடம் என்கிற சிறிய குற்றம், பெரிய குற்றம் இல்லை. ஆனால் ஒழுங்கான மடம் எதுவும் அதைத் தெரிந்தே செய்யாது. நம் இளைஞர் எதிர்காலத்தில் தன் விருப்பம் என்னவாக இருக்கும் என்பதற்கு வாக்குக் கொடுக்கவில்லை, அப்போது என்ன நடைமுறையைப் பின்பற்றுவேன் என்பதற்குக் கொடுத்தார். வீட்டில் மூன்று மாதம் என்பது அவராகச் சேர்த்தது. மடத்தின் சூழலில் எடுக்கும் முடிவு வீட்டுச் சூழலிலும் நிற்கிறதா என்று பார்க்க அது உதவும்.

பழைய நூல்களில் இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. இரட்டபாலன் என்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, பெற்றோர் மறுத்ததும் வெறும் தரையில் படுத்துச் சாப்பாட்டை நிறுத்துகிறான். கடைசியில் பெற்றோரை இளக வைப்பது அவன் நண்பர்கள். துறவு பிடிக்காவிட்டால் இங்கேதானே திரும்பி வருவான், செத்துப் போனால் பார்க்கக்கூட முடியாதே என்று வாதிடுகிறார்கள். துறவியான பிறகு வந்து முகம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையில் சம்மதம் கிடைக்கிறது. இந்தக் கதையைப் படித்துவிட்டு வீட்டில் சாப்பாட்டை நிறுத்தியவர்களும் உண்டு. மிரட்டி வாங்கிய சம்மதத்தோடு வந்தவர் மடத்தில் நிம்மதியாக இருந்து நான் பார்க்கவில்லை, வாராவாரம் வீட்டிலிருந்து அழுகைதான் வரும். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நண்பர்களின் வாதமும் "வந்து முகம் காட்டு" என்ற நிபந்தனையும். இரண்டுமே இந்தக் கடிதத்தில் வேறு உருவத்தில் இருக்கின்றன.

மருத்துவரைப் பார்த்த விஷயத்தையும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் "எதிலும் பற்றில்லை" என்பார், துறவை விரும்புகிறவரும் அதையே சொல்வார். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். நான் கவனித்த வரையில், மடத்தில் உன் நாள் எப்படிப் போகும் என்று கேட்டால் துறவை விரும்புகிறவர் விவரம் சொல்வார், நாலரை மணிக்கு எழுவதைப் பற்றிப் புலம்பக்கூடச் செய்வார். சோர்வில் இருப்பவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதில் அக்கறையே இருக்காது, இங்கே இல்லாமல் இருந்தால் போதும். தூக்கம், பசி, நண்பர்கள், பிடித்த வேலை எல்லாமே ஒரே நேரத்தில் சுருங்கியிருந்தால் அது மடத்துக்குப் போகும் நேரம் இல்லை. சிலர் மாத்திரை சாப்பிடுவதை மறைத்துவிட்டு வந்து, தியானம் போதும் என்று தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். நீண்ட மௌனத்தில் அது மோசமாகப் போகும், காட்டுக்குள் உதவி கிடைக்கவும் நேரமாகும். இதனால்தான் விண்ணப்பத்திலேயே மருந்து விவரம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டார் கூட இருந்து பதில் எழுதுவது நல்லது.

11 தவணையால் வந்த காத்திருப்பு இதற்கும் உதவியது. ஒரு வருடம் சாதாரண வாழ்க்கை வாழ்ந்தார், நல்ல மாதங்களும் வந்தன, பதவி உயர்வுகூட வந்தது. ஆசை போகவில்லை. ஆத்திரத்தில் எழுந்த ஆசையாக இருந்திருந்தால் பதவி உயர்வு வந்த மாதமே கரைந்திருக்கும்.

அம்மாவின் பதில்

ஒரு பக்கம். சம்மதம் என்ற வார்த்தை அதில் கிடையாது. அப்பா கடைசி வாரத்தில் பேசியது என்னவாக இருக்கும் என்று தனக்குத் தெரியும், பகலில் தன்னிடமும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், நேரில் சொல்கிறேன் என்று முதல் வரியில் எழுதியிருந்தார். அப்புறம் கேள்விகள். அங்கே பெரியவர் யார், அவரோடு நான் தனியாகப் பேசலாமா? உன் மருத்துவக் காப்பீடு தொடருமா? மடத்துக்கு நீ பணம் கொடுக்கிறாயா? அவர்கள் உன்னிடம் ஏதாவது எழுதி வாங்குகிறார்களா?

இவை எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். நல்ல மடத்தை அடையாளம் காண இவற்றைவிடச் சிறந்த பட்டியல் எனக்குத் தெரியாது. இந்த மரபில் தங்குவதற்கோ பயிற்சிக்கோ கட்டணம் கிடையாது, எல்லாம் தானத்தில் நடக்கிறது. சொத்தை எழுதிக் கேட்கிற இடம், வீட்டோடு பேசுவதைத் தடுக்கிற இடம், பெற்றோரைத் தலைவரோடு பேச விடாத இடம், எந்தச் சமயத்தின் பெயரில் இருந்தாலும் அங்கே பிள்ளையை அனுப்பக் கூடாது.

அம்மா வந்து நான்கு நாள் தங்கினார். தியான மண்டபத்தைவிட அதிக நேரம் சமையலறையில் இருந்தார். மடாதிபதியிடம் அவர் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் இருக்கிறது: "பாதியில் வீட்டுக்குப் போகணும்னு சொன்னா விடுவீங்களா?" எந்த நாளும் போகலாம், எங்களிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றார் அவர். பிக்குவானவர்கூட ஒரு சாட்சி முன்னால் வாயால் சொல்லிச் சீவரத்தைக் களைந்துவிடலாம் என்றும் விளக்கினார். கிறித்தவ மடங்களிலும் இதே ஏற்பாடு பழையது. கிறித்தவத் துறவி பெனடிக்ட் மடங்களுக்காக எழுதிய தன் விதிநூலின் 58-ஆம் அதிகாரத்தில், புதிதாகச் சேர்ந்தவர் களைந்த சொந்த உடைகளை எறியாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார், ஒருநாள் அவர் போக நேர்ந்தால் உடுத்திக்கொண்டு போவதற்காக. வெளியே போகும் கதவு எங்கே இருக்கிறது என்று கேட்டதும் காட்டுகிற இடம் என்பதுதான் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஊருக்குப் போய்ச் சம்மதக் கடிதம் அனுப்பினார், இரண்டே வரி, கீழே கையெழுத்தும் தேதியும்.

வருடம் எப்படிப் போனது

சுமாராகத்தான் போனது. முதல் மூன்று மாதம் உற்சாகம். ஐந்தாவது மாதம் கூட இருந்த இன்னொரு அனகாரிகரோடு சமையலறையில் ஓயாத உரசல், யார் எப்போது காய் நறுக்குவது, யார் வண்டியை எடுப்பது என்று. மௌனப் பயிற்சிக்கு வந்தவர் ஒரு கரண்டிக்காகக் கத்திவிட்டு, கிளம்பிவிடுகிறேன் என்று அம்மாவுக்கு எழுதினார். அவர் பதில்: "வா. ஆனால் இதுக்குத்தானே போன? பிடிக்காதவங்களோட இருந்து பார்க்கணும்னு நீதான் எழுதின." இரண்டாவது கடிதத்தை அம்மா பத்திரமாக வைத்திருந்து அதிலிருந்தே எடுத்து எழுதியிருந்தார். அமைதி வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால், அமைதி கிடைக்காத அந்த மாதத்தில் அவர் கிளம்பியிருக்கக்கூடும், தடுக்க அம்மாவிடமும் எதுவும் இருந்திருக்காது.

எட்டாவது மாதம் அம்மாவுக்குக் காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா மடத்துக்குப் போன் செய்தார், மறுநாள் காலை இவர் அங்கே இருந்தார், வெள்ளை உடையில், மழித்த தலையோடு. ஏழு நாளுக்குப் பதில் பதினொரு நாள் ஆயிற்று, மடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ராத்திரிகளில் எப்படி இருந்தான் என்று அம்மாவிடம் கேட்டேன். போனை வெளியில் வைத்துவிட்டு வந்தான் என்றார், ஆனால் குறட்டை விட்டுத் தூங்கினான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கடிதம் எல்லோருக்கும் பொருந்தாது. அம்மா படுக்கையில் இருந்து வேறு பிள்ளையும் இல்லை என்றால் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் ஒரு வருடம் போக முடியாது, விடுமுறையில் சில வாரம் தங்குவதுதான் வழி. கடிதம் தேவைப்படாத வீடுகளும் இருக்கின்றன, நேரில் பேசினாலே முடிந்துவிடும். இவர் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், நேரில் பேசினால் இருவரும் மூன்றாவது வாக்கியத்தில் சண்டைக்குப் போய்விடுவார்கள் என்பது.

வருடம் முடிந்து வீட்டுக்கு வந்தார், சொன்னபடி மூன்று மாதம் இருந்தார். சாமணேரராக அனுமதி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அம்மாவே ஒருநாள் கேட்டிருக்கிறார், அங்கே இருந்த வருடம் முழுக்க வண்டி ஓட்டுவதையும் தோட்டத்தையும்தான் அதிகம் விரும்பினேன், துறவியானால் இரண்டும் போய்விடும் என்றாராம். இப்போது வேறு வேலையில் இருக்கிறார், மழைக்கால மூன்று மாதத்தில் சில வாரங்கள் விடுப்பு எடுத்து மடத்துச் சமையலறைக்குப் போகிறார். போன வருடம் அம்மாவும் கூடப் போனார்.